‘பார்த்துப் பண்ணிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்

வாடகை ஏற்றத்தையும் வீட்டு ரிப்பேரையும் ஒரே கூட்டத்தில் பேசி முடிக்கும்போது, வாடகைக்கு மட்டும் தொகையும் தேதியும் எழுதிவிட்டு, ரிப்பேரை ‘விரைவில் செய்து தரப்படும்’ என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் நம்பிக்கையோடுதான் கையெழுத்துப் போடுகின்றன. அடுத்த மாதம் வாடகை ஏறிவிடும். கூரை அப்படியே ஒழுகும்.

சென்னையில் ஆறு போர்ஷன் உள்ள ஒரு காம்பவுண்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மாத வாடகை 9,000 ரூபாய். அதை 11,000 ஆக்க வேண்டும் என்கிறார் ஹவுஸ் ஓனர். “ஏத்துறது சரி சார், மழை வர்றதுக்கு முன்னாடி ஒழுகுறத நிறுத்திக் கொடுங்க” என்கிறார்கள் குடியிருப்பவர்கள். கோடையில் தண்ணீர் போதாததால் புது போர்வெல்லும் கேட்கிறார்கள். பேச்சு நீண்டு, மாதம் 700 ரூபாய் ஏற்றுவது என்று முடிகிறது. போர்வெல் போட்டால் மேலும் 300 ரூபாய்.

இந்த 300 ரூபாயை ஏன் தனியாகப் பிரிக்க வேண்டும்? 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் பழுதுபார்ப்பையும் மேம்பாட்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது. கட்டடத்தின் அமைப்பில் வரும் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. தன் பொறுப்பில் உள்ள ரிப்பேரைச் செய்ததற்காக உரிமையாளர் வாடகையை ஏற்ற முடியாது. புதிதாக ஒரு வசதி செய்து தந்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையைக் கூட்டலாம். அந்த ஏற்றம் வேலை முடிந்து ஒரு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். கூரை ஒழுகல் ரிப்பேர், போர்வெல் மேம்பாடு. இரண்டையும் ஒரே தொகையில் கலந்து எழுதினால், போர்வெல் வராமலேயே அதற்கும் சேர்த்து வாடகை கொடுக்க நேரிடும்.

எனவே குறிப்பில் இப்படி எழுதலாம்: “அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு போர்ஷனுக்கும் வாடகை 9,700 ரூபாய். அட்வான்ஸ் தொகையில் மாற்றம் இல்லை. மொட்டை மாடித் தளத்தை உரிமையாளர் தம் செலவில் செப்டம்பர் 20-க்குள் சரிசெய்வார். வேலை முடிந்ததும் மாடியில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி, இரு தரப்பும் கீழே உட்கூரையைப் பார்த்து, கசிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். போர்வெல் போட்டுத் தண்ணீர் வந்து ஒரு மாதம் கழிந்த பிறகு வாடகை 10,000 ரூபாய் ஆகும்.”

அட்வான்ஸ் பற்றிய அந்த ஒற்றை வரியை விட்டுவிடாதீர்கள். வாடகை ஏறினால் அதற்கேற்ப அட்வான்ஸையும் கூட்டித் தர வேண்டுமா என்ற சண்டை பிறகுதான் கிளம்பும்.

வேலை நடக்காவிட்டால் என்ன என்பதையும் எழுத வேண்டும். உரிமையாளர் செய்ய மறுத்த ரிப்பேரைக் குடியிருப்பவரே செய்துகொண்டு, செலவை வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால், யார் ஆள் வைப்பது, ஆறு பேரும் எப்படிப் பங்கிடுவது, எந்த ரசீதைக் காட்டுவது என்பதை அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. ஒத்துவராமல் போனவற்றையும் குறிப்பில் சேருங்கள். ‘கழிவறை டைல்ஸ் மாற்ற உரிமையாளர் சம்மதிக்கவில்லை’ என்று இருந்தால், அடுத்த முறை அதை யாரும் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

கையெழுத்தில்தான் பெரிய ஓட்டை விழுகிறது. அன்று ஊருக்குப் போயிருந்த நாலாவது போர்ஷன்காரரை, மற்றவர்கள் போட்ட கையெழுத்து கட்டுப்படுத்தாது. உரிமையாளருக்குப் பதிலாக மகன் வந்திருந்தால், எழுத்தில் அதிகாரம் பெற்று வந்தாரா என்று பார்க்க வேண்டும். பத்திரம் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். எழுதியதை எல்லோர் முன்னும் உரக்கப் படித்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கி, அடித்துத் திருத்திய இடத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பமிட்டு, ஆளுக்கு ஒரு அசல் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறிப்பு பேசியதற்குச் சான்றாகும். வாடகை ஒப்பந்தத்துக்கு மாற்று ஆகாது. பழைய ஒப்பந்தத்தில் 9,000 என்று இருக்க, குறிப்பில் 9,700 என்று இருந்தால், பிறகு சிக்கல் வரும்போது இரண்டு தாளுக்கும் நடுவே வாதம் எழும். ஆகவே குறிப்பில் கையெழுத்திட்ட கையோடு ஒவ்வொரு போர்ஷனுக்கும் திருத்த ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்துவிடுங்கள்.