கல்லாவில் பணம் குறைந்தால்...

பக்கத்து வீட்டுப் பெண் சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கல்லாவில் இருக்கிறாள். சம்பளம் 9,000 ரூபாய். போன மாதம் கல்லாவில் குறைந்ததாக 1,800, யூனிபாரம் புடவைக்கு 1,200 பிடித்துக்கொண்டு 6,000தான் கொடுத்தார்கள். "பாதிச் சம்பளம் வரைக்கும் பிடிக்கலாமாமுங்க அக்கா" என்றாள். நல்ல கதை! பாதி என்பது எல்லாப் பிடித்தமும் சேர்ந்து தாண்டக் கூடாத எல்லை. இஷ்டத்துக்குப் பிடிக்க அனுமதி அல்ல.

1936-ம் வருஷச் சம்பளச் சட்டமும், அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் இதில் ஒன்றையேதான் சொல்கின்றன. அவள் கணக்குக் காட்ட வேண்டிய பணம், நேராக அவள் கவனக்குறைவால் குறைந்திருக்க வேண்டும். முதலில் அவளிடம் விளக்கம் கேட்க வேண்டும். குறைந்ததற்கு மேல் ஒரு காசும் எடுக்கக் கூடாது. இங்கேயோ, இவள் சாப்பிடப் போனால் அதே கல்லாவில் இன்னொருத்தி உட்காருகிறாள். யார் கையில் குறைந்ததென்று எப்படிச் சொல்வது? யாரும் இவளை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அந்த 1,800 செல்லாது. பிடித்தங்களின் பட்டியலில் யூனிபாரத்துக்குப் பெயரே கிடையாது.

இப்போது எழுந்து போகும்போதெல்லாம் பணத்தை எண்ணி, நோட்டில் எழுதி, அடுத்தவளிடம் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். பிடித்ததைத் திரும்பக் கேட்டு மனுக் கொடுக்க மூன்று வருஷம் அவகாசம் உண்டு. சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.