அறுபது நாளில் முடியுமா?

1994-இல் கனடாவைச் சேர்ந்த மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் "எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டபோது, சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கே போதவில்லை.

மாணவர்கள் பொய் சொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொரு படியாக மனத்தில் ஓட்டிப் பார்த்துச் சொன்னார்கள். அந்த ஓட்டத்தில் காய்ச்சல் வராது, கணினி பழுதாகாது, பதில் சொல்ல வேண்டியவர் ஊருக்குப் போக மாட்டார். மென்பொருள் வேலைக்கு நாள் குறிப்பவர்களும் இப்படியே தவறுகிறார்கள். எதிரே அவசரப்படுத்தும் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தவறு இன்னும் பெரிதாகும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏழு கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடைக்குப் புது பில்லிங் மென்பொருள் வேண்டும். வேலை ஜூன் முதல் வாரம் தொடங்குகிறது. முதலாளி ஆகஸ்ட் கடைசிக்குள், அதாவது 12 வாரத்தில், கேட்கிறார். வாரத்துக்கு 5 நாள் என்றால் 60 வேலை நாள். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. தீபாவளிக் கூட்டம் தொடங்கிய பிறகு எந்தக் கடையிலும் பில் போடும் முறையை மாற்ற முடியாது.

வேலையை நான்காகப் பிரிக்கலாம்: தேவையைக் கேட்டு எழுதுவது, பில்லிங் மென்பொருளைச் செய்வது, பழைய சரக்குக் கணக்கைப் புதியதற்கு மாற்றுவது, கடைகளில் சோதித்து ஊழியர்களுக்குப் பழக்குவது. இவற்றுக்கு வழக்கமாக ஆகக்கூடியவை முறையே 10, 25, 10, 15 நாள். கூட்டினால் சரியாக 60. பலர் இங்கேயே "முடியும்" என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று எண் கேட்க வேண்டும்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, கெட்டால் எத்தனை. 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான முறை இது. கணக்கு எளிது:

(குறைந்தது + 4 × வழக்கமானது + அதிகபட்சம்) ÷ 6

சரக்குக் கணக்கை மாற்றும் வேலைக்கு அந்த மூன்று எண்கள் 5, 10, 33. சூத்திரத்தில் போட்டால் 13 நாள். 33 ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். பழைய கணக்கில் ஒரே காட்டன் சேலை ஒரு கிளையில் `COTTON SAREE`, இன்னொன்றில் `CTN SRE`, மூன்றாவதில் வெறும் எண்ணாக இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லக் கடையில் சரக்கு தெரிந்த ஆள் வேண்டும். அதிகபட்ச எண் வழக்கமானதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போனால், அந்த வேலை நமக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். நாள் குறிப்பதற்கு முன் இருநூறு வரிகளையாவது எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மற்ற மூன்று வேலைகளும் இதே கணக்கில் 11, 27, 16 நாள் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 67. ஆனால் இது நடுவாந்திரக் கணக்கு. ஏறத்தாழப் பாதித் தடவை இதையும் தாண்டிவிடும். ஆகவே கூடுதல் நாள் வேண்டும். நான்கு வேலையும் சேர்ந்தாற்போல் கெடுவது அபூர்வம் என்பதால் நான்கின் அதிகபட்சத்தையும் கூட்டத் தேவையில்லை. ஒவ்வொரு வேலையிலும் அதிகபட்சத்திலிருந்து குறைந்ததைக் கழித்து 6-ஆல் வகுத்து, வந்ததை வர்க்கமாக்க வேண்டும். அவற்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் இங்கே 7-க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அதை 1.3-ஆல் பெருக்கினால் 9 நாள். ஆக 76 நாள். பத்துக்கு ஒன்பது தடவை இதற்குள் முடியும்.

இந்த 9 நாளை எங்கே வைப்பது? ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒன்றிரண்டாக ஒளித்து வைப்பதுதான் பரவலான பழக்கம். அது இரண்டு விதத்தில் கெடுக்கும். வேலை தனக்குக் கிடைத்த நாள் முழுவதும் நீண்டுகொள்ளும். முதலாளிக்கும் வாசனை பிடித்துவிடும். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு பாதியாகக் குறைப்பார், நாம் அதற்காக இரட்டிப்பாகச் சொல்வோம். ஒளிக்காமல் கடைசியில் தனி வரியாக "எதிர்பாராதவற்றுக்கு 9 நாள்" என்று எழுதி, அது எந்தக் கணக்கில் வந்தது என்பதையும் காட்டிவிடுவதே நல்லது.

76 நாள் என்றதும் முதலாளி கோபப்படுவார்.

"தம்பி, அறுபது நாள்னுதானே பேச்சு? ஆள் வேணும்னா இன்னும் ரெண்டு பேரைப் போடுங்க."

"அண்ணாச்சி, புதுசா வர்றவங்களுக்கு வேலையைப் புரியவைக்க இப்ப இருக்கிறவங்கதான் உட்காரணும். இந்த 12 வாரத்துல அது பாரமாத்தான் முடியும். ஆனா ஆகஸ்டுலயே பில் போட வேற வழி இருக்கு. எல்லாக் கிளையும் ஒரே நாள்ல மாறணுமா?"

நாள் எண்ணிக்கையில் பேரம் பேசி 70-க்கு ஒத்துக்கொண்டால் வேலை குறையாது, நம்பகம்தான் குறையும். பேரம் பேச வேண்டியது வேலையின் அளவில். பத்து வருடப் பழைய கணக்கை விட்டுவிட்டு, இன்று அலமாரியில் இருக்கும் சரக்கை மட்டும் மாற்றினால் அந்த வேலை 13-இலிருந்து 7 நாளாகிறது. முதலில் இரண்டு கிளைகளில் மட்டும் தொடங்கினால் சோதனையும் பயிற்சியும் 16-இலிருந்து 9 நாளாகின்றன. மொத்தம் 54. ஐயம் குறைந்ததால் கூடுதல் நாளும் 6 ஆகச் சுருங்குகிறது. ஆக, சரியாக 60. மற்ற ஐந்து கிளைகள் பொங்கலுக்குப் பிறகு மாறும். முதலாளி கேட்ட தேதி அவருக்குக் கிடைக்கிறது, அதற்குக் கொடுக்கும் விலையும் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த 60-உம் சில அனுமானங்களின் மேல்தான் நிற்கிறது. அவற்றைப் பொதுவாக எழுதினால் பயனில்லை. ஒவ்வொன்றிலும் யார், எதற்குள், தவறினால் எத்தனை நாள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "பழைய கணக்குக் கோப்புகளைக் கடை மேலாளர் ஜூன் 10-க்குள் தருவார், பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் முடியும் தேதி ஒரு நாள் தள்ளும்." "சந்தேகங்களுக்கு முதலாளி நியமிக்கும் ஒருவர் இரண்டு வேலை நாளில் பதில் சொல்வார்." "வரி விகிதம் மாறாது. மாறினால் 3 நாள் கூடும்." கடைசி வரி வேண்டாத எச்சரிக்கை அல்ல. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது, பண்டிகைக் காலத்துக்குச் சற்று முன்பாக ஆயத்த ஆடைகளுக்கான வரியும் மாறியது. 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு ஒரு வரி, அதற்குக் கீழே வேறு வரி என்றானது.

இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வேலை கெட்டால் இன்னொன்றும் கெடும் என்ற தொடர்பு இல்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. நான்கு வேலையையும் ஒரே ஆளை நம்பி விட்டிருந்தால் 6 நாள் போதாது. அந்த ஆளின் பெயரும் அனுமானப் பட்டியலில் வர வேண்டும்.

வேலை தொடங்கிய பின் வாரம் ஒரு தடவை இரண்டு அளவுகளை முதலாளியிடம் சொல்ல வேண்டும்: வேலையில் எவ்வளவு முடிந்தது, அந்த 6 நாளில் எவ்வளவு கரைந்தது. மூன்றில் ஒரு பங்கு வேலை முடியும்போது 2 நாள் கரைந்திருந்தால் கவலையில்லை. 4 நாள் கரைந்திருந்தால் அந்த வாரமே எதை விடுவது என்று அவரிடம் கேட்க வேண்டும். ஜூலையில் கேட்டால் அவர் கையில் இரண்டு மூன்று வழிகள் இருக்கும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கேட்டால் தேதியைத் தள்ளுவதைத் தவிர வேறு வழி இருக்காது.