பாத்திரச் சண்டையைப் பேசித் தீர்க்க நான்கு படிகள்

வன்முறையற்ற உரையாடல் என்பது அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் 1960களில் உருவாக்கத் தொடங்கிய பேச்சுமுறை. குற்றம் சாட்டாமல் குறையைச் சொல்ல அது நான்கு படிகளைத் தருகிறது: கண்டது, உணர்வு, தேவை, வேண்டுகோள்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீடு. இரவில் பாத்திரம் துலக்குவது கணவர் பொறுப்பு என்று ஏற்பாடு. காலையில் மனைவி சமைக்க வந்தால் தொட்டி நிறையப் பாத்திரம். "நீங்க ஒரு வேலையும் தொடுறதே இல்ல" என்கிறார். "நேத்து காய்கறி வாங்கிட்டு வந்தது யாரு?" என்று பதில் வருகிறது. பாத்திரத்தை விட்டுவிட்டுப் பேச்சு கணக்கு வழக்கில் இறங்கிவிடுகிறது.

முதல் படியில், கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும்: "இந்த வாரம் மூணு நாள் காலையில பாத்திரம் அப்படியே கிடந்துச்சு." இதை மறுக்க இடமில்லை.

அடுத்தது உணர்வு. "என்னை வேலைக்காரியா நினைக்கிறீங்க" என்பது எதிராளியின் மனதைப் பற்றிய ஊகம்தான். "எனக்குச் சலிப்பா இருக்கு, பதற்றமா இருக்கு" என்பதே உணர்வு.

மூன்றாவதான தேவையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "நீங்க துலக்கணும்" என்பது தேவை அல்ல, அதை நிறைவேற்றும் ஒரு வழி. காலை வேலை நிம்மதியாக நடப்பதும், சுமையில் பங்கு கிடைப்பதும்தான் தேவை. அதைச் சொன்னபின் வேறு வழிகளையும் யோசிக்க முடிகிறது.

நான்காவது வேண்டுகோள். "பொறுப்பா இருங்க" என்றால் என்ன செய்வது என்று விளங்காது. "இன்னிக்குப் படுக்கறதுக்கு முன்னாடி துலக்கி வைக்க முடியுமா?" என்றால் விளங்கும். முடியாது என்ற பதிலுக்குக் கோபமோ முகம் தூக்கலோ வந்தால், கேட்டது வேண்டுகோள் அல்ல, கட்டளை.

கணவர் சொல்கிறார்: "வீட்டுக்கு வரவே ஒன்பதரை ஆயிடுது, நிக்க முடியல." இப்போது அதே படிகள் கேட்பதற்கு உதவுகின்றன. "ரொம்ப அசந்து போயிடுறீங்களா, வந்ததும் கொஞ்சம் ஓய்வு வேணுமா?" என்று மனைவி கேட்கிறார். இருவர் தேவையும் வெளியே வந்துவிட்டன. தாமதமாக வரும் நாள்களில் இரவே பாத்திரத்தை ஊறவைத்துவிட்டு, காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் கணவர் துலக்கித் தருவது, ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி பேசுவது என்று முடிவாகிறது.

நான்கு படிகளையும் பாடம்போல் ஒப்பித்தால் பேச்சு செயற்கையாகிவிடும். "நீங்க துலக்காததாலதான் எனக்குச் சலிப்பு" என்றால் பழைய குற்றச்சாட்டே வேறு உடையில் வருகிறது. ஒருவருக்கு மற்றவரிடம் அடி உதை பயம் உள்ள வீட்டில் இந்த முறையை நம்பி இருக்கக் கூடாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. வீட்டு வேலை தன்னுடையதே அல்ல என்று ஒருவர் தீர்மானித்துவிட்ட இடத்திலும் இனிய சொல் மட்டும் போதாது. வேலையை நியாயமாகப் பங்கிட இருவரும் சம்மதித்தால்தான் இந்த நான்கு படிகள் பலன் தரும்.