பிரின்ட்டில் சுருங்கினாலும் பொய் சொல்லாத மேப்!

ஸ்கூல் புராஜெக்ட்டுக்காக, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மேப்பாக வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவை 1:10,000 என்றால், மேப்பில் 1 செ.மீ என்பது நிஜத்தில் 100 மீட்டர்.

பிரின்ட் எடுக்கும்போது தாளுக்குள் அடங்க 80 சதவிகிதமாகச் சுருக்கினால் என்ன ஆகும்? 1 செ.மீ என்பது 125 மீட்டராகிவிடும். மேலே எழுதிய 1:10,000 தவறாகிவிடும்.

இதற்குத்தான் நேர்க்கோட்டு அளவை. மேப் படத்துக்குள்ளேயே 5 செ.மீ கோடு போட்டு, '500 மீட்டர்' என்று எழுதுங்கள். பிரின்ட்டில் கோடு 4 செ.மீ ஆனாலும், வீதிகளும் அதே அளவு சுருங்குவதால் கணக்கு மாறாது. கோட்டைத் தனியாக வரைந்து பிறகு ஒட்டினால் இந்தப் பலன் கிடைக்காது.

எழுத்தும் சுருங்கும். 8 பாயின்ட் எழுத்து 6.4 ஆகி, சுழிகள் அடைந்துவிடும். எனவே வீதிப் பெயர்களை 10 பாயின்ட்டில் வையுங்கள்.

கறுப்பு வெள்ளை பிரின்ட்டில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியலாம். அதனால் குறியீட்டு விளக்கத்தில் நிறத்தை மட்டும் நம்பாமல் கோயிலுக்குக் கோபுரம், மார்க்கெட்டுக்குச் சதுரம் என உருவங்களைக் கொடுங்கள்.

வடதிசை அம்புக்குறி சரியா? கோயிலிலிருந்து அம்பு காட்டும் பக்கம் வடக்கு மாசி வீதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரி!