பலகை விலையும் பில் தொகையும்

திருவண்ணாமலை – திண்டிவனம் சாலையில், கீழ்பென்னாத்தூரில் ஓர் ஓட்டல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலைப்பலகையில் தோசை 60, காபி 20. சாப்பிட்டவர் மனக்கணக்கில் 80 ரூபாயை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வருகிறார். பில்லில் 84 இருக்கிறது. கூடுதலாக வந்த நான்கு ரூபாய், மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் தலா இரண்டரை சதவீதமாகப் போகும் ஜி.எஸ்.டி. தினமும் வரும் உள்ளூர்க்காரருக்கு அது பழகிவிடும். பௌர்ணமி கிரிவலத்துக்குப் போகும் வழியில் ஒரே ஒரு வேளை இறங்கிச் சாப்பிடுபவருக்கு அப்படியல்ல. சட்டப்படி சரியான அந்த 84, அவர் கண்ணுக்கு ஏமாற்றாகவே படும்.

சாதாரண ஓட்டல்களுக்கு இந்த 5 சதவீதம் 2017 நவம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய சில மாதங்கள் ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12, ஏ.சி. ஓட்டலுக்கு 18 என இருந்தது. இப்போது வரியில் அந்த வேறுபாடு கிடையாது. ஏ.சி. அறையில் தோசைக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்றால், அது ஓட்டல் வைத்த விலை. ஆகவே அந்த அறைக்குரிய விலைப்பட்டியல், உட்காருவதற்கு முன்பே கண்ணில் படும்படி அறை வாசலில் இருக்க வேண்டும்.

பலகைக்கும் பில்லுக்கும் வேறுபாடு வராமலிருக்க, வரியை விலைக்குள் சேர்த்தே பலகையில் எழுதலாம். அப்படி எழுதும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். 60 ரூபாய்க்கு 5 சதவீதம் மூன்று ரூபாய் என்று கழித்து, தோசையின் அடிப்படை விலையை 57 என வைத்துக்கொள்கிறார்கள். 57-க்கு 5 சதவீதம் சேர்த்தால் வருவது 59.85 மட்டுமே. வரி சேர்ந்த தொகையை 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால்தான் அதற்குள் இருக்கும் வரி கிடைக்கும். அதன்படி 60 ரூபாய்க்குள் வரி 2.86, அடிப்படை விலை 57.14.

இனி முழு எண். இதே ஓட்டலில் சாப்பாடு 110 ரூபாய் என்போம். வரியைச் சேர்த்தால் காபி 21, தோசை 63, சாப்பாடு 115.50 ஆகும். இவற்றை 20, 65, 115 என்று எழுதலாம். ஒரு நாளைக்கு 200 காபி, 80 தோசை, 120 சாப்பாடு விற்றால் பழைய முறையில் வரியோடு 23,100 ரூபாய் வசூலாகும். புதிய விலையில் 23,000. காபியில் 200 ரூபாயும் சாப்பாட்டில் 60 ரூபாயும் குறைகின்றன. தோசை 160 ரூபாயைத் திருப்பித் தருகிறது. நாளுக்கு நூறு ரூபாய் குறைவு என்பது வசூலில் அரை சதவீதம்கூட இல்லை. எல்லாவற்றையும் மேல்நோக்கியே முழுமையாக்கத் தேவையில்லை. அதிகம் விற்கும் பண்டத்தில் எந்தப் பக்கம் போகிறோம் என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது. காபியை 25 ஆக்கினால் லாபம்தான். ஆனால் வாடிக்கைக்காரர் முதலில் கவனிப்பதும் காபி விலையைத்தான்.

காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறிய ஓட்டலுக்கு வரியை விலைக்குள் அடக்குவதைத் தவிர வேறு வழியே இல்லை. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர்கள் சேரக்கூடிய இந்தத் திட்டத்தில், 5 சதவீதத்தை ஓட்டல்தான் தன் வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. தான் காம்போசிஷன் வரிதாரர் என்பதைப் பெயர்ப்பலகையிலும் பில்லின் தலைப்பிலும் குறிப்பிட வேண்டும். அப்படிக் குறிப்பிட்டுவிட்டு அடியில் ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் அந்த பில் தவறு.

வரியைச் சரிசெய்த பிறகும் தகராறு வருவது உபரிகளில். பார்சல் டப்பா, தோசைக்கு நெய், சாப்பாட்டுக்குக் கூடுதல் தயிர், அளவுச் சாப்பாட்டில் இரண்டாவது முறை கேட்கும் சோறு ஆகியவை அவை. அளவுச் சாப்பாட்டுக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு பரிமாறுபவருக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ‘பார்சல் சார்ஜ் தனி’ என்று எழுதுவதால் பயனில்லை. எவ்வளவு என்பதே கேள்வி. ‘பார்சல் டப்பா ஒன்றுக்கு 5 ரூபாய், வரி உட்பட’ என்று எழுதினால் நான்கு சாப்பாடு வாங்குபவர் 20 ரூபாயைத் தானே கூட்டிக்கொள்வார். மேசையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். ஓட்டலில் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றமல்ல என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பாட்டிலின் மேலேயே வேறு விலை அச்சாகியிருக்கும்போது, சொல்லாமல் கூட்டினால் சண்டை நிச்சயம்.

விலைகளை முழு எண்ணாக்கிய பிறகும் பில் இயந்திரம் ஒரு பைசாவில் சறுக்கலாம். 120 ரூபாய்ப் பண்டத்தின் அடிப்படை விலை 114.29, இரண்டு வரிகளும் தலா 2.86, கூட்டினால் 120.01. பில்லில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்ற இடத்தில் அந்த ஒரு பைசா கழிந்துவிடும். அதே இடத்தில் 25, 40 பைசா என்று அடிக்கடி வந்தால், வரி சேர்க்காத விலை இயந்திரத்தில் இன்னும் எங்கோ பதிந்து கிடக்கிறது என்று பொருள். விலை மாற்றிய அன்று ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு சோதனை பில் அடித்துப் பலகையோடு ஒப்பிட்டால் அது எந்தப் பண்டம் என்று தெரிந்துவிடும்.