கபடிக் களத்தில் மூன்று வலிமை

பள்ளிக் கபடியில் பாடி வந்தவளின் தொடையை எதிரணிப் பெண் ஒருத்தி கட்டிப் பிடிக்கிறாள். அவள் நடுக்கோட்டை நோக்கி இழுக்க, இவள் பிடியை விடாமல் நிற்கிறாள். இங்கே வேலை செய்வது உச்ச வலிமை, அதாவது தசை ஒரே முயற்சியில் தரக்கூடிய அதிகபட்ச விசை.

அடுத்த முறை பாடி வருபவள் சிக்காமல் தரையை உதைத்து, கைகோத்து வரும் இருவரைத் தாண்டிப் போகிறாள். தசை தன் முழு விசையை எட்டச் சுமார் 0.3 நொடியாவது தேவை. ஓடிவந்து தாண்டும்போது பாதம் தரையில் இருப்பதோ 0.2 நொடிக்கும் குறைவு. அதற்குள் எவ்வளவு விசை கிடைக்கிறது என்பதே வெடிப்பு வலிமை. பலமாகப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் உயரமாகத் தாண்டிவிடாததற்கு இதுதான் காரணம். ஆட்டம் முடியும் நேரத்திலும் பிடி தளராமல் இருந்தால் அது வலிமைத் தாங்குதிறன்.

மூன்றையும் ஒரே நாளில் பயிலலாம். ஆனால் வரிசை முக்கியம். பயிற்சிக்குப் புதிதான 15 வயது மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஓய்வு விட்டுப் பயில்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உடலைச் சூடேற்றியதும் முதலில் மண் தரையில் 5 தாவல்கள். ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. களைத்த காலால் வேகமாக உதைக்க முடியாது என்பதால்தான் தாவல் முதலில் வருகிறது. தரையிறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்தாலோ, பாதம் தொப்பென்று விழுந்தாலோ அன்றைக்குத் தாவல் போதும்.

பிறகு 5 கிலோ பையை மார்போடு அணைத்து 10 முறை உட்கார்ந்து எழுவது, இரண்டு சுற்று. தொடர்ந்து இரண்டு பயிற்சிகளில் முதுகு வளையாமல் 15 முறை செய்ய முடிந்தால் அரை கிலோ கூட்டலாம். கடைசியாகத் தண்டால். இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். முறையறிந்தவர் மேற்பார்வையில், அளவான எடையில் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வளரும் எலும்பின் முனைகளில் உள்ள குருத்தெலும்பு முதிர்ந்த எலும்பைவிட மென்மையானது. நண்பனோடு போட்டி போட்டு, தாங்க முடியாத எடையை ஒரே மூச்சில் தூக்கிப் பார்ப்பதுதான் அதைக் காயப்படுத்தக்கூடும். ஆகவே புதியவர்களுக்கு உச்ச வலிமையை அளக்கும் சோதனையே வேண்டாம். 10 முறை ஒழுங்காகத் தூக்கும் எடை கூடிவந்தாலே அந்த வலிமையும் வளர்கிறது என்று அறியலாம்.

மறுநாள் தசை வலித்தால் கவலை வேண்டாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, தொட்டால் வலிக்கும் புடைப்பு தெரிந்தால் தாவலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.