பொருளாளர் வாசிக்கும் தொகை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களில், மாதத்தில் ஒரு நாள் பிற்பகலில், சனசமூக நிலையத்து விறாந்தையிலோ ஓர் உறுப்பினர் வீட்டு முற்றத்திலோ பாய் விரித்துப் பதினைந்து இருபது பேர் கூடுவதுண்டு. நடுவிலே ஒரு சிறிய காசுப் பெட்டியும் இரண்டு கொப்பிகளும் இருக்கும். சேமிப்புப் பணம் கையளிக்கப்பட்ட பின்னர் பொருளாளர் எழுந்து அறிக்கையை வாசிப்பார். பெரும்பாலோர் கடைசித் தொகையை மட்டுமே செவிமடுப்பர். தொகை சென்ற மாதத்திலும் கூடியிருந்தால் மனநிறைவோடு வீடு திரும்புவர். ஆனால் ஒரு தொகை எதனால் ஆயிற்று என்பதை அறியாதவருக்கு அத்தொகை எதனையும் சொல்வதில்லை. சில வேளைகளில் உண்மைக்கு மாறானதையும் சொல்லிவிடும்.

உறுப்பினர் கூடியிருந்து கணக்குக் கேட்கும் இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. செர்மனி நாட்டின் றைன் பகுதிச் சிற்றூர்களில் றைபைசன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடன் சங்கங்களை அமைத்தார். ஊரவர் தம் பணத்தைத் தாமே சேர்த்துத் தம்முள்ளே கடனாகக் கொடுப்பது அவற்றின் முறை. அம்முறையைத் தழுவியே இலங்கையில் 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அக்காலத்துக் கிராமக் கடன் சங்கங்களில் உறுப்பினரின் பொறுப்புக்கு வரையறை இருக்கவில்லை. சங்கம் பட்ட கடனைத் தீர்க்க முடியாது போனால் ஒவ்வோர் உறுப்பினரும் தம் சொத்தினால் பதில் சொல்லவேண்டும். ஆகவே பொருளாளர் வாசிக்கும்போது காது கொடுத்துக் கேட்பது மரியாதைக்காக அன்று. தம் தோட்டக் காணியைக் காத்துக்கொள்வதற்காகவே. இன்று பதிவுபெற்ற சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்கள் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ்க் கணக்காய்வுக்கு உட்பட்டவை. பதிவில்லாத சிறு குழுக்களுக்கோ அந்தக் கணக்காய்வாளர் வருவதில்லை. அங்கே பாயில் இருந்து கேட்பவர்களே கணக்காய்வாளர்கள்.

ஒரு குழுவைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் ஊரொன்றில் 15 பெண்கள் மாதந்தோறும் ஆளுக்கு 500 ரூபா சேமிக்கின்றனர். குழு தொடங்கிப் பன்னிரண்டு மாதம் கழிந்து, இது பதின்மூன்றாவது மாதம். எல்லோரும் கட்டினால் 7,500 ரூபா சேரவேண்டும். பொருளாளர் வாசித்த தொகை 7,300 ரூபா.

கேட்டவர்கள் என்ன எண்ணுவர்? இருநூறு ரூபாதான் குறைவு, யாரோ ஒருவர் சிறிது குறைத்துக் கட்டியிருக்கிறார், அடுத்த மாதம் தந்துவிடுவார் என்று எண்ணுவர். பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும்போதுதான் வேறொரு கதை வெளிவருகின்றது. பன்னிரண்டு பேர் ஐந்நூறு வீதம் கட்டினர், அது 6,000. ஒருவர் 300 மட்டும் கட்டினார். இன்னொருவர் 1,000 கட்டினார். அதில் பாதி இம்மாதத்துக்குரியது, மறுபாதி சென்ற மாதம் கட்டத் தவறியது. எஞ்சிய ஒருவர் ஒன்றும் கட்டவில்லை. ஆறாயிரமும் முந்நூறும் ஆயிரமும் சேர்ந்தே 7,300 ஆயின.

இப்பொழுது இம்மாத நிலுவை எவ்வளவு? முந்நூறு கட்டியவரிடம் 200, கட்டாதவரிடம் 500, ஆக 700 ரூபா. பழைய நிலுவை 500 வந்து சேர்ந்தமையால் 700 ரூபாக் குறைவு 200 போலத் தோன்றியது. ஒரு மாதத்தின் பள்ளத்தை இன்னொரு மாதத்தின் மண் மூடிவிட்டது. பொருளாளர் பொய் சொல்லவில்லை, தொகையும் பிழையன்று. ஆயினும் வெறும் தொகையைக் கேட்டுப் போனவர், ஒன்றும் கட்டமுடியாத ஒரு வீட்டில் என்ன நேர்ந்ததென்று விசாரிக்கும் வாய்ப்பை இழந்துவிட்டார். நல்ல பொருளாளர் இம்மாதச் சேமிப்பு என்றும், பழைய நிலுவையில் வந்தது என்றும் இரண்டாகப் பிரித்தே வாசிப்பார். 6,800 என்றும் 500 என்றும் சொல்லிப் பின்னரே 7,300 என்பார்.

இதனைச் சரிபார்க்க எளிய வழியொன்று உண்டு. தொடக்கம் முதல் எல்லோரும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் பதின்மூன்று மாதத்தில் 97,500 ரூபா சேர்ந்திருக்கும். சென்ற மாத முடிவில் ஒருவருடைய 500 ரூபா மட்டுமே நிலுவை; ஆகவே அன்று இருந்தது 89,500. அதனோடு 7,300ஐச் சேர்த்தால் 96,800. சேரவேண்டியதற்கும் சேர்ந்ததற்கும் இடையிலுள்ள வித்தியாசம் 700. பெயர்வாரியாகக் கண்ட நிலுவையும் 700. இரண்டு வழியாக வந்து ஒரே இடத்தை அடைந்தால் அக்கணக்கை நம்பலாம்.

அடுத்துப் பொருளாளர் இன்னொரு தொகையையும் வாசிக்கின்றார். இம்மாதம் பெட்டிக்கு வந்த மொத்தப் பணம் 12,900 ரூபா. இதனைக் கேட்டு, நமது சேமிப்பு 12,900 ரூபாவால் வளர்ந்தது என்று மகிழ்வது பெரும்பிழை. அதில் சேமிப்பு 7,300 மட்டுமே. மேலும் 5,000 ரூபா, முன்னர்க் கடன் வாங்கியவர்கள் முதலில் திருப்பிக் கட்டியது. அது குழுவின் பணமே. வெளியே போயிருந்தது, வீடு திரும்பியிருக்கிறது. எஞ்சிய 600 ரூபா வட்டி. வெளியில் நின்ற கடன் 60,000. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபா வட்டியானால் 600 வரும். கணக்கு ஒத்திருக்கிறது. 600க்குப் பதிலாக 500 என்று வாசிக்கப்பட்டிருந்தால், வட்டி கட்டாத கடனாளி ஒருவர் இருக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும். இந்த மூன்றில் புதிதாக உழைத்த பணம் வட்டியொன்றே.

பின்னர் எப்பொழுதும் எழும் கேள்வி எழுகின்றது. சேமிப்பு 96,800 என்கிறீர்கள், பெட்டியிலோ 550 ரூபாதான் இருக்கிறது, மிகுதி எங்கே என்று ஓர் அம்மையார் கேட்கின்றார். கேட்பது நியாயமானது. இக்கேள்வியைக் கேட்டுச் சினங்கொள்ளும் பொருளாளரைச் சற்றே ஐயத்தோடு நோக்குவதும் நியாயமானது. விடை இதுதான். குழுவின் பணம் இரண்டு வழியால் வந்தது. உறுப்பினர் சேமிப்பு 96,800. வட்டியினாலான பொது மிச்சம், கொப்பி வாங்கிய செலவு 150 ரூபா போக, 4,750. இரண்டும் சேர 1,01,550. இப்பணம் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றது. இம்மாதம் ஒருவருக்கு 10,000 ரூபா புதிதாகக் கடன் கொடுத்தமையால் கடனாக நிற்பது 65,000. வங்கியில் 36,000. பெட்டியில் 550. கூட்டினால் அதே 1,01,550. பணம் யாருடையது என்பது ஒரு பட்டியல், பணம் எங்கே என்பது மற்றொரு பட்டியல். இரண்டின் தொகையும் ஒன்றாகவேண்டும். சீட்டுப் பிடித்துப் பழகியவர்களுக்கு இது முதலில் விளங்குவதில்லை. சீட்டில் அந்தந்த மாதப் பணம் அன்றே ஒருவர் கைக்குப் போய்விடும். கணக்கு அன்றோடு தீரும். சேமிப்புக் குழுவிலோ பணம் ஆண்டுக்கணக்கில் நின்று சுழல்கின்றது.

ஆனால் எப்பொழுதும் இப்படி இனிது பொருந்துவதில்லை. ஒவ்வொருவர் பெயரிலுமுள்ள பக்கங்களைக் கூட்டும்போது 96,800க்குப் பதிலாக 94,100 வந்துவிட்டதென்க. வித்தியாசம் 2,700. பழகிய கணக்கர் உடனே அதனை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியின்றி வகுபட்டால், ஏதோ ஓர் எண்ணில் அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று கொள்வார். இக்குழுவில் பதின்மூன்று பேரின் பக்கத்தில் 6,500 இருக்கவேண்டும். கட்டாதவர் பக்கத்தில் 6,000. முந்நூறு கட்டியவர் பக்கத்தில் 6,300. தேடிப் பார்த்தால் அந்த 6,300 அவசரத்தில் 3,600 என்று எழுதப்பட்டிருக்கும். ஒரு முழு மாலைப் பொழுதை விழுங்கக்கூடிய தேடல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வித்தியாசம் ஒன்பதால் வகுபடாது 500 ஆக நின்றால், ஒருவருடைய மாதப் பணம் பதியாமல் விடுபட்டிருக்கலாம். இவை துப்புகளே, தீர்ப்புகள் அல்ல.

கூட்டலால் என்றும் பிடிபடாத பிழையும் ஒன்றுண்டு. ஒருவர் கட்டிய ஐந்நூறு இன்னொருவர் பக்கத்தில் எழுதப்பட்டால் மொத்தத் தொகையில் ஒரு சதமும் மாறாது. ஆனால் ஓர் ஏழைப் பெண் தான் கட்டிய பணத்துக்குக் கடன்காரியாகிவிடுவாள். இதனைக் காட்டிக்கொடுப்பது அவள் கையிலுள்ள சேமிப்புப் புத்தகம் ஒன்றுதான். அதனாலேயே புத்தகங்களைப் பாதுகாப்புக்கென்று பொருளாளர் வீட்டில் வைக்கும் வழக்கம் கெட்ட வழக்கமாகும். எழுத்தறியாதவரானாலும் தம் புத்தகத்தைத் தாமே வைத்திருந்து, பெயர் வாசிக்கப்படும்போது பக்கத்திலிருப்பவரைக் கொண்டு ஒத்துப் பார்க்கலாம்.

வேண்டுமென்றே செய்யும் தவறும் அங்கேதான் அகப்படும். கையில் வந்த ஒருவரின் பணத்தைத் தற்காலிகமாக எடுத்துச் செலவு செய்துவிட்டு, அடுத்த மாதம் இன்னொருவர் தரும் பணத்தை முதலாமவர் பெயரில் பதிவது அத்தவறு. இரண்டாமவர் பதிவைப் பிறகு மூன்றாமவர் பணம் மூடும். அறிக்கையில் அது யாரோ சற்றுப் பிந்திக் கட்டியதாகவே தோன்றும். புத்தகத்தில் கைச்சாத்திட்ட திகதியும் பேரேட்டில் பதிந்த திகதியும் மாதந்தோறும் விலகி நிற்பதே அதன் அடையாளம். நிலுவைக்காரர் பெயர்களை உரக்க வாசிக்கும்போது, நான் கட்டினேனே என்று ஒரு குரல் எழுந்தால் கணக்கை அவ்விடத்திலேயே நிறுத்தி நோக்கவேண்டும்.

குறைந்த தொகையெல்லாம் ஐயத்துக்குரியதென்றும் கொள்ளலாகாது. கன்று நட்டு, எண்ணெயும் உரமும் வாங்கும் மாதங்களில் தோட்டக்காரர் கையில் காசு இராது. வெங்காயம் பிடுங்கி விற்றபின் பழைய நிலுவையும் சேர்ந்து வரும். கடற்கரை ஊர்களில் காற்றும் கடலும் தொழிலைத் தடுக்கும் மாதங்களில் அவ்வாறே. ஆகையால் இம்மாதத் தொகையைச் சென்ற மாதத்தோடு ஒப்பிடுவதிலும் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுவது பொருத்தமாகும். விலை சரிந்த ஆண்டு மட்டும் அந்த ஒப்பீட்டையும் குலைத்துவிடும்.

அறிக்கை முடிந்ததும் பொருளாளரல்லாத இரு உறுப்பினர் பெட்டியைத் திறந்து எண்ணுகின்றனர். ஐந்நூற்றைம்பது இருக்கிறது. வங்கிப் புத்தகத்தின் கடைசி வரியில் 36,000 இருக்கிறது. இருவரும் அறிக்கையின் கீழே கைச்சாத்திடுகின்றனர். நிலுவை 700 ரூபா என்பதும் அது எந்த இருவருடையது என்பதும் கூட்டக் குறிப்பில் எழுதப்படுகின்றன. ஒன்றும் கட்டாதவர் அன்று கூட்டத்துக்கும் வரவில்லை. அவர் வீட்டுக்கு மறுநாள் யார் போய் விசாரிப்பது என்பதும் அதே பக்கத்தில் எழுதப்படுகின்றது.